விடைத்தாளில் நகர்ந்துவிட்ட ஓர் ஆண்டு

பி.காம்., எம்.பி.ஏ., சி.ஏ. என்று எந்தப் படிப்பை எடுத்தாலும் நிதி மேலாண்மைத் தாளில் முதலீட்டுக் கணக்கு ஒன்று வந்துவிடும். அதில் எளிமையான ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் இன்று 10 லட்சம் ரூபாய் கொடுத்து ஓர் இயந்திரம் வாங்குகிறது. அடுத்த நான்கு ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும், முறையே 3 லட்சம், 3.5 லட்சம், 4 லட்சம், 3 லட்சம் ரூபாய் கையில் வருகிறது. மூலதனச் செலவு 10 சதவீதம். இயந்திரத்தை வாங்கலாமா?

இதற்கு நான்கு மாணவர்கள் நான்கு விடை எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 67,100 ரூபாய் லாபம். இன்னொருவருக்கு 61,150. மூன்றாமவருக்கு 1,73,850. நான்காமவருக்கோ 29,850 ரூபாய் நஷ்டம். நான்கு தாள்களிலும் பெருக்கல் சரி, கூட்டல் சரி, அட்டவணையிலிருந்து எடுத்த எண்களும் சரியாகவே படியெடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் மூன்று விடைகள் தவறு. பணம் எந்த ஆண்டில் நிற்கிறது என்பதில்தான் பிசகு.

கையால் திருத்துபவருக்கு இந்தத் தவறு எளிதில் அகப்படாது. ஒவ்வொரு வரியாகப் பெருக்கிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே வரும். ஆனால் ஆண்டுத் தவறு ஒவ்வொன்றும் விடையில் தனக்கென்று ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால், வரி வரியாகத் தேடாமலே எங்கே நழுவியது என்று சொல்லிவிடலாம்.

முதலில் சரியான கணக்கு. இன்றைய 100 ரூபாயும் அடுத்த ஆண்டின் 100 ரூபாயும் ஒன்றல்ல. 10 சதவீதத்தில் இன்று 100 ரூபாயைப் போட்டால் ஓராண்டில் 110 ஆகும். எனவே ஓராண்டு கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 100-ஐ 1.10-ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது 90.91. ஒரு ரூபாய்க்கு 0.909. இரண்டாம் ஆண்டுக்கு 0.826, மூன்றாம் ஆண்டுக்கு 0.751, நான்காம் ஆண்டுக்கு 0.683, ஐந்தாம் ஆண்டுக்கு 0.621. இவற்றைத்தான் டிஸ்கவுண்ட் ஃபேக்டர் என்கிறோம். இன்று கொடுக்கும் பணத்துக்கு ஃபேக்டர் 1. அதைக் குறைக்க வேண்டிய வேலையே இல்லை.

வரவுகளை இந்த எண்களால் பெருக்கினால் 2,72,700, 2,89,100, 3,00,400, 2,04,900 என்று வரும். மொத்தம் 10,67,100. அதிலிருந்து இன்று போட்ட 10 லட்சத்தைக் கழித்தால் 67,100. வகுப்பறையில் என்.பி.வி. என்று சொல்லப்படும் நிகர தற்போதைய மதிப்பு இதுதான். பூஜ்யத்துக்கு மேல் இருப்பதால் இயந்திரத்தை வாங்கலாம்.

இங்கே ஆண்டு என்ற எண் எதைக் குறிக்கிறது என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம். சாலையோர மைல்கல்லைப் போல அது ஒரு புள்ளியைக் குறிக்கிறது. நாம் நிற்கும் இடம் பூஜ்யம், அடுத்த கல் 1. இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் முதல் ஆண்டு. முதல் ஆண்டு முழுக்க ஓடி முடிந்த பிறகே 1 என்ற கல் வருகிறது. அதனால் முதல் ஆண்டின் தொடக்கம் என்றால் 0, முதல் ஆண்டின் இறுதி என்றால் 1, இரண்டாம் ஆண்டின் தொடக்கம் என்றாலும் அதே 1.

இந்தத் தடுமாற்றத்துக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பாடநூல்களின் கடைசிப் பக்கங்களில் அச்சாகும் தற்போதைய மதிப்பு அட்டவணைகள் பெரும்பாலும் 1 என்ற வரிசையிலிருந்தே தொடங்குகின்றன. பூஜ்யத்துக்கு வரிசை கிடையாது. அட்டவணையைப் பார்த்துக்கொண்டே கணக்கு எழுதும் மாணவர், தன் முதல் வரியில் இயந்திரத்தின் விலையை எழுதுகிறார். அட்டவணையின் முதல் வரியில் இருக்கும் 0.909-ஐ அதற்கு நேரே போட்டுவிடுகிறார். இத்தகைய வட்டி அட்டவணைகளை சைமன் ஸ்டெவின் 1582-இல் ஆண்ட்வெர்ப்பில் அச்சிட்டு வெளியிட்டார். அதன்பின் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 1 என்று மட்டும் எழுதிய ஒரு வரிசையை மேலே கூடுதலாக அச்சிட்டால் பாதித் தவறு குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

இனி தவறான விடைகள் மூன்றையும் பார்ப்போம். 61,150 எழுதியவர் செய்தது இப்போது சொன்ன தவறுதான். 10 லட்சத்தை 0.909-ஆல் பெருக்கி 9,09,000 ஆக்கினார். வரவுகளுக்கு 0.826-இலிருந்து தொடங்கி 0.621 வரை போட்டார். செலவு, வரவு எல்லாமே ஒரே சீராக ஓராண்டு பின்னால் போய்விட்டன. சரியான விடையான 67,100-ஐ 1.10-ஆல் வகுத்தால் 61,000 வரும். அவர் எழுதியது 61,150. நடுவில் உள்ள 150 ரூபாய், அட்டவணை மூன்று தசமத்தோடு நின்றுவிடுவதால் வந்த வித்தியாசம்.

இந்தத் தவற்றின் விசேஷம், முடிவு மாறவே மாறாது என்பதுதான். முழு விடையும் 1.10-ஆல் வகுபடுவதால் லாபம் லாபமாகவே இருக்கும், நஷ்டம் நஷ்டமாகவே இருக்கும். திட்டத்தை ஏற்கலாம் என்று மாணவர் சரியாகவே எழுதியிருப்பார். கடைசி வரியை மட்டும் பார்க்கும் திருத்துநர் தாண்டிப் போய்விடுவார். இரண்டு திட்டங்களை ஒப்பிடும் கேள்வியிலும், இரண்டையும் இதே மாதிரி நகர்த்தியிருந்தால், எது சிறந்தது என்ற வரிசைகூடக் குலையாது.

1,73,850 எழுதியவர் 10 லட்சத்தைச் சரியாக பூஜ்யத்தில் வைத்தார். ஆனால் முதல் ஆண்டு வரவுக்கும் ஃபேக்டர் 1 போட்டுவிட்டார். 3 லட்சம் அப்படியே 3 லட்சமாக நின்றது. அடுத்தவற்றுக்கு 0.909, 0.826, 0.751. வரவுகளின் மொத்தம் 11,73,850 ஆயிற்று. சரியான மொத்தம் 10,67,100. ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள்: 1.10. வட்டி வீதமே விடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

29,850 நஷ்டம் காட்டியவர் நேர் எதிர்ப் பக்கம் போனவர். செலவை பூஜ்யத்தில் வைத்தார், வரவுகளை இரண்டாம் ஆண்டிலிருந்து தொடங்கினார். மொத்தம் 9,70,150. சரியான மொத்தத்தோடு வகுத்தால் 0.909. இங்கே முடிவே தலைகீழாகிவிட்டது: வாங்க வேண்டிய இயந்திரத்தை வேண்டாம் என்கிறார். செலவும் வரவும் சேர்ந்து நகர்ந்தால் விடையின் அளவுதான் கெடும். ஒன்று நின்று மற்றொன்று நகர்ந்தால் முடிவே கெட்டுப்போகலாம். என் கணக்கில் பின்னதுதான் பெரிய தவறு.

ஆகவே திருத்தும்போது என்.பி.வி. விடைகளை ஒப்பிடுவதைவிட, வரவுகளின் தற்போதைய மதிப்பு மொத்தத்தை ஒப்பிடுவதே நல்லது. மாணவரின் மொத்தத்தைச் சரியான மொத்தத்தால் வகுங்கள். வட்டி வீதம் 10 என்றால் 1.10 அல்லது 0.909, 12 என்றால் 1.12 அல்லது 0.893 வந்தால் ஓராண்டு நகர்ந்திருக்கிறது. வேறு ஏதோ எண் வந்தால் தவறு வேறிடத்தில் இருக்கிறது.

தசம வித்தியாசத்தை ஆண்டுத் தவறோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. இதே கணக்கைக் கால்குலேட்டரில் முழுத் தசமத்தோடு போட்டால் 67,413 வரும். அட்டவணை தந்த விடையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 313 ரூபாய்தான். ஆண்டு நகர்ந்தால் வரவுகளின் மொத்தம் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் மாறுகிறது.

சரியான விடை கையில் இல்லாதபோது என்ன செய்வது? தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் மாணவருக்கு மாதிரி விடை யார் தரப்போகிறார்கள்? அவர் சராசரி ஆண்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் கணக்கில் வரவுகள் ஏறக்குறைய சமமானவை. 1 முதல் 4 வரை பரவியிருக்கின்றன. துல்லியமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு வரவையும் அதன் ஆண்டெண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 3, 7, 12, 12 என்று மொத்தம் 34 வரும். இதை வரவுகளின் மொத்தமான 13.5-ஆல் வகுத்தால் 2.5 ஆண்டு. அதாவது 13.5 லட்சமும் சராசரியாக இரண்டரை ஆண்டு கழித்து வருவதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டு ஃபேக்டர் 0.826, மூன்றாம் ஆண்டுக்கு 0.751, நடுவே சுமார் 0.788. அதை 13.5 லட்சத்தால் பெருக்கினால் 10.64 லட்சம்.

உண்மையான மொத்தம் 10.67 லட்சம். மனக்கணக்கு எவ்வளவு நெருங்கி வந்துவிட்டது பாருங்கள். தவறான மொத்தங்களான 11.74 லட்சமும் 9.70 லட்சமும் இதற்குப் பக்கத்தில்கூட இல்லை. இதற்கு ஓர் எல்லை உண்டு. வரவுகள் நீண்ட காலத்துக்குப் பரவியிருந்தாலும், வட்டி வீதம் அதிகமாக இருந்தாலும், மதிப்பீடு உண்மையைவிடக் கூடுதலாகக் கீழே இறங்கும். நான்கைந்து ஆண்டு, 10 முதல் 15 சதவீதம் என்ற தேர்வுக் கணக்குகளுக்கு இது போதும்.

முழு வரிசையும் நகராமல் ஒரே ஒரு தொகை மட்டும் நகர்வதும் உண்டு. நம் இயந்திரத்தை நான்காம் ஆண்டு இறுதியில் பழைய இரும்பாக விற்றால் 50,000 ரூபாய் கிடைக்கும் என்று கேள்வியில் சேர்த்துக்கொள்வோம். நான்காம் ஆண்டு முடிந்தபின் விற்கிறோம், எனவே ஐந்தாம் ஆண்டு என்று நினைத்து 0.621 போடுபவர்கள் இருக்கிறார்கள். சரியான மதிப்பு 34,150; அவர்களுக்கு வருவது 31,050. விடையில் 3,100 ரூபாய் குறையும். நடைமுறை மூலதனம் கடைசி ஆண்டில் திரும்பி வரும் கணக்குகளிலும் இதே கதைதான். இயந்திரத்தின் கடைசி வரவு எந்தக் கல்லில் நிற்கிறதோ அதே கல்லில்தான் விற்ற பணமும் திரும்பி வந்த மூலதனமும் நிற்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. விடை 3,100 குறைகிறது என்று தெரிந்ததும், அதை அடுத்தடுத்த இரு ஃபேக்டர்களின் வித்தியாசத்தால் வகுத்துப் பாருங்கள். 0.683-க்கும் 0.621-க்கும் வித்தியாசம் 0.062. 3,100-ஐ அதனால் வகுத்தால் 50,000. கேள்வித்தாளில் 50,000 என்ற எண் எங்கே இருக்கிறது என்று தேடினால் குற்றவாளி அகப்பட்டுவிடுவார். கேள்வியில் உள்ள ஒரு தொகை அச்சாக வரும்வரை ஒவ்வோர் இணை ஃபேக்டரையும் முயன்று பார்க்கலாம். நான்கு ஆண்டுக் கணக்கில் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேள்வியின் வாசகமும் ஆளைக் கவிழ்க்கும். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் 50,000 ரூபாய்க்குப் பழுதுபார்ப்புச் செலவு என்று இருந்தால், கண் மூன்று என்ற சொல்லைத்தான் பிடிக்கும். ஆனால் மூன்றாம் ஆண்டின் தொடக்கம் இரண்டாம் ஆண்டின் இறுதிதான். ஃபேக்டர் 0.826, மதிப்பு 41,300. 0.751 போட்டவருக்கு 37,550. வாடகையை முன்கூட்டியே கொடுக்கும் குத்தகைக் கணக்குகளில் ஒவ்வொரு தவணையிலும் இந்தப் பொறி இருக்கும். முதல் தவணை பூஜ்யத்தில், ஐந்து தவணை என்றால் கடைசித் தவணை 4-இல்.

இதைவிட நுணுக்கமானது, வரவு தாமதமாகத் தொடங்கும் கணக்கு. ஒரு தொழிற்சாலை கட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை, ஆண்டு இறுதியில் 2 லட்சம் வீதம் வருகிறது. நான்கு வரவுகளுக்கும் தனித்தனியாகப் பெருக்காமல், சமமான தொகைகளுக்கான கூட்டு ஃபேக்டரைப் பயன்படுத்துவார்கள். 10 சதவீதத்தில் ஆறு ஆண்டுகளுக்கு அது 4.355, இரண்டு ஆண்டுகளுக்கு 1.736. ஆறிலிருந்து இரண்டைக் கழித்தால் மூன்று முதல் ஆறு வரை மிஞ்சும்: 2.619. தொகை 5,23,800.

வரவு மூன்றாம் ஆண்டில் தொடங்குகிறது என்பதால் பலர் மூன்றாண்டு ஃபேக்டரான 2.487-ஐக் கழிக்கிறார்கள். 1.868 வருகிறது, தொகை 3,73,600 ஆகிறது. இதில் நகர்ந்தது ஆண்டு அல்ல. மூன்றாம் ஆண்டின் 2 லட்சமே காணாமல் போய்விட்டது. குறைந்திருக்கும் 1,50,200-ஐப் பாருங்கள். அது 2 லட்சத்தை 0.751-ஆல் பெருக்கியது. இன்னொரு கூட்டம் நான்காண்டு ஃபேக்டரான 3.170-ஐ எடுத்து, அதை மூன்றாம் ஆண்டுக்கான 0.751-ஆல் பெருக்குகிறது. நான்கு வரவுக்கான கூட்டு ஃபேக்டர், முதல் வரவுக்கு ஓராண்டு முந்தைய புள்ளியின் மதிப்பைத்தான் தரும். எனவே இரண்டாம் ஆண்டின் 0.826-ஆல் பெருக்க வேண்டும். 0.751 போட்டால் 4,76,200 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். சரியானதோடு வகுத்தால் மறுபடி 0.909. முதல் வகையில் ஒரு வரவு தொலைந்தது, இரண்டாம் வகையில் எல்லா வரவும் நகர்ந்தன. மதிப்பெண் போடுபவர் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

கணினியில் போட்டால் தவறே வராது என்று நினைப்பவர்களுக்கு எக்செல் ஒரு பாடம் வைத்திருக்கிறது. B2 கட்டத்தில் மைனஸ் 10,00,000, B3 முதல் B6 வரை நான்கு வரவுகள் இருக்கின்றன என்று கொள்வோம். கீழே உள்ள முதல் வரி தவறு, இரண்டாவது சரி.

```
=NPV(10%,B2:B6)
=B2+NPV(10%,B3:B6)
```

எக்செலின் NPV தனக்குக் கொடுக்கப்படும் முதல் எண்ணை ஓராண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்கிறது. பூஜ்ய ஆண்டு என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. முதல் வரி 61,285 தரும், இரண்டாவது 67,413. முன்னதை 1.10-ஆல் பெருக்கினால் பின்னது. கையால் எழுதிய மாணவர் செய்த முதல் தவறேதான். தேதிகளோடு வேலை செய்யும் XNPV மட்டும் முதல் தேதியையே பூஜ்யமாக வைத்துக்கொள்வதால் இந்தச் சிக்கல் அதில் இல்லை.

எக்செலில் இன்னொரு பொறியும் உண்டு, அதை வகுப்பில் சொல்பவர்கள் குறைவு. இரண்டாம் ஆண்டில் வரவே இல்லை என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், NPV அதை ஓர் ஆண்டாகவே எண்ணாது. மூன்றாம் ஆண்டின் 4 லட்சம் இரண்டாம் ஆண்டுக்கு ஏறிவரும், நான்காம் ஆண்டின் 3 லட்சம் மூன்றாம் ஆண்டுக்கு ஏறிவரும். வரவுகளின் மொத்தம் 7,78,157-க்குப் பதிலாக 8,28,700 என்று காட்டும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. அந்தக் கட்டத்தில் 0 என்று எழுதினால் போதும், ஆண்டு தன் இடத்தில் நிற்கும்.

இனி பேபேக். போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பி வருகிறது என்பதே கேள்வி. நம் கணக்கில் முதலாண்டு முடிவில் 3 லட்சம், இரண்டாம் ஆண்டு முடிவில் மொத்தம் 6.5 லட்சம், மூன்றாம் ஆண்டு முடிவில் 10.5 லட்சம். இரண்டாம் ஆண்டு முடிந்தபோது இன்னும் 3.5 லட்சம் வர வேண்டும். மூன்றாம் ஆண்டில் வருவது 4 லட்சம். எனவே 2 ஆண்டு, அதோடு 3.5-ஐ 4-ஆல் வகுத்தது: 2.875 ஆண்டு, அதாவது 2 ஆண்டு பத்தரை மாதம்.

வட்டியையும் கணக்கில் எடுக்கும் டிஸ்கவுண்டட் பேபேக்கில் தற்போதைய மதிப்புகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். 2,72,700, பிறகு 5,61,800, பிறகு 8,62,200. மூன்று ஆண்டு முடிந்தும் 1,37,800 ரூபாய் வர வேண்டியிருக்கிறது. நான்காம் ஆண்டு வரவின் தற்போதைய மதிப்பு 2,04,900. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.67. விடை 3.67 ஆண்டு, சுமாராக 3 ஆண்டு 8 மாதம்.

தவறு பெரும்பாலும் இந்தக் கடைசிப் பின்னத்தில்தான் நடக்கிறது. 3.46 என்று விடை வந்திருந்தால், மாணவர் 1,37,800-ஐ டிஸ்கவுண்ட் செய்யாத 3 லட்சத்தால் வகுத்திருக்கிறார்: மேலே தள்ளுபடி செய்த பணம், கீழே தள்ளுபடி செய்யாத பணம். 3.33 என்று வந்திருந்தால், பாக்கியை வகுக்காமல் நான்காம் ஆண்டு முடிவில் மிஞ்சும் 67,100-ஐ வகுத்திருக்கிறார். சரியான பின்னமும் இந்தத் தவறான பின்னமும் சேர்ந்தால் எப்போதும் ஒன்றுதான் வரும், 0.67-ம் 0.33-ம் போல. 4.67 என்று வந்திருந்தால், பணம் திரும்பும் ஆண்டின் எண்ணையே முழு ஆண்டாக எழுதிவிட்டார். அல்லது அட்டவணையை 1 என்று தொடங்கியதால் எல்லா வரிசையும் ஒன்று கூடிவிட்டது.

4.67-ஐப் பார்த்ததும் ஒதுக்கிவிடலாம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இயந்திரத்தின் ஆயுளே நான்கு ஆண்டுதான். என்.பி.வி. லாபம் என்றால், வட்டியோடு சேர்த்துப் போட்ட பணம் ஆயுளுக்குள் திரும்பிவிட்டது என்றுதான் பொருள். எனவே டிஸ்கவுண்டட் பேபேக் 4-க்குள் இருந்தே ஆக வேண்டும். அதேபோல என்.பி.வி. நஷ்டம் என்று எழுதிவிட்டு, கீழே 3 ஆண்டு சொச்சத்தில் பணம் திரும்புகிறது என்று எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று தவறு. தற்போதைய மதிப்புகளைக் கூட்டிக்கொண்டே போகும் அந்த வரிசையின் கடைசி எண்ணும், முதலீட்டைக் கழித்தபின், என்.பி.வி.யோடு அப்படியே பொருந்த வேண்டும். டிஸ்கவுண்டட் பேபேக் ஒருபோதும் சாதாரண பேபேக்கைவிடக் குறையாது என்பதும் கூடவே பார்க்க வேண்டியது. தொடக்கத்தில் மட்டும் செலவு, பிறகெல்லாம் வரவு என்று இருக்கும் கணக்குகளுக்கு இந்தச் சோதனைகள் தவறாமல் பொருந்தும். நடுவிலோ கடைசியிலோ பெரிய செலவு வந்தால் போட்ட பணம் ஒருமுறை திரும்பி, மறுபடி குறைந்தும் போகலாம். அப்போது கவனம் தேவை.

பேபேக்கில் ஒரு சின்ன முரண்பாடும் உண்டு. என்.பி.வி. கணக்கில் பணம் ஆண்டு இறுதியில்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டோம். பேபேக்கில் 3 ஆண்டு 8 மாதம் என்று எழுதும்போது, அதே பணம் ஆண்டு முழுக்கச் சீராக வருவதாக ஆகிவிடுகிறது. ஆண்டு இறுதி என்ற நிபந்தனையைக் கண்டிப்பாகப் பிடித்தால் விடை 4 ஆண்டுதான், அதையும் யாராவது எழுதினால் தவறு என்று அடித்துவிட முடியாது. தேர்வுகளில் பின்னம் எழுதுவதே பழக்கம். மாணவர் எந்த அனுமானத்தை எடுத்தார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் சண்டை இல்லை.

தவறு கண்டுபிடிக்கப்பட்டபின் மதிப்பெண்ணை எப்படிக் குறைப்பது? ஆண்டு ஒருமுறை நகர்ந்தால், அந்தப் படிக்கு மட்டும் குறைப்பதே நியாயம். 9,70,150-ஐ வைத்துக்கொண்டு, கழித்து, நஷ்டம் என்று கண்டு, திட்டம் வேண்டாம் என்று எழுதிய மாணவர் அதன்பின் செய்த எதிலும் தவறவில்லை. தன் தவறான அட்டவணையின்படி பணம் ஆயுளுக்குள் திரும்பவில்லை என்று அவர் எழுதியிருந்தால் அந்த மதிப்பெண்ணையும் கொடுக்கத்தான் வேண்டும். அதே மாணவர் மேலே நஷ்டம் என்றும் கீழே 3.67 ஆண்டு என்றும் எழுதியிருந்தால், பேபேக் விடை வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. அதற்கு மதிப்பெண் தர எனக்கு மனம் வராது.

மாணவர்கள் எந்த எண்ணையும் எழுதுமுன் 0, 1, 2, 3, 4 என்று ஆண்டு வரிசையை முதலில் எழுதிக்கொள்ளட்டும். கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் ஆண்டில் 3.5 லட்சம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டின் இறுதியில் என்று முழுதாக எழுதுங்கள், இயந்திரத்தின் விலைக்கு நேரே ஆண்டு 0 என்று அச்சிடுங்கள், கூடத் தரும் அட்டவணையில் முதல் வரிசையாக 0-க்கு 1.000 என்று சேருங்கள்.